வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலை: நிறுவனம் தடுக்க முடியுமா, எந்த வழி யாருக்குச் சரி?

தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் மாலையிலோ வார இறுதியிலோ வேறு வேலை செய்வதை நிறுவனம் தடுக்க முடியுமா? இந்தியாவைப் பொறுத்தவரை, முடியும். ஆனால் அந்தத் தடை நீங்கள் பணியில் இருக்கும் காலத்துக்கு மட்டுமே. அதுவும் பெரும்பாலும் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான்.

"இரண்டு வேலை பார்ப்பது குற்றம்" என்று சிலர் மிரட்டுகிறார்கள். "அலுவலக நேரம் முடிந்த பிறகு நான் என்ன செய்தாலும் யாரும் கேட்க முடியாது" என்று சிலர் துணிகிறார்கள். இரண்டும் தவறு. அலுவலக வேலையில் இருக்கும் ஒருவர் இரண்டாவது வேலை பார்த்ததற்காகவே சிறைக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அதற்காக வேலையை விட்டு நீக்கினால், ஒப்பந்தம் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம்தான் நிற்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இதை மட்டும் படித்துவிட்டுத்தான் பலர் "ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் தடையே செல்லாது" என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தப் பிரிவை நீதிமன்றங்கள் எப்படிப் படித்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1967இல் நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. ஒருவர் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உழைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், அந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான தடை பொதுவாகத் தொழில் தடை ஆகாது. அது மிகக் கொடுமையாகவோ அப்பட்டமாக ஒருதலைப்பட்சமாகவோ இருந்தால் ஒழியச் செல்லும் என்றது. வேலையை விட்டுப் போன பிறகும் தொடரும் தடை வேறு கணக்கு. 1980இல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில், பணி முடிந்த பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆக, ராஜினாமாவுக்குப் பிறகு எங்கே போகலாம் என்பதில் சட்டம் ஊழியரின் பக்கம் சாய்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போது வேறு எங்கே வேலை செய்யலாம் என்பதில் நிறுவனத்தின் பக்கம் சாய்கிறது. மூன்லைட்டிங் என்று சொல்லப்படும் இந்த இரண்டாவது வேலை பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருகிறது.

முக்கியமாக இரண்டு கூட்டத்தாருக்கு ஒப்பந்தத்தைத் தாண்டி விதியே தடையாக நிற்கிறது. முதலாவது அரசு ஊழியர்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 15ஆம் விதி, முன் அனுமதி இல்லாமல் தனியார் வியாபாரமோ வேறு வேலையோ கூடாது என்கிறது. எப்போதாவது எழுதுவது, கலை, அறிவியல் சார்ந்த பணி, சம்பளம் இல்லாத சமூகப் பணி ஆகியவற்றுக்கு வழி விட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. இவர்களும் துறை அனுமதி இல்லாமல் வியாபாரமோ வேறு வேலையோ தொடங்கக்கூடாது. இரண்டாவது கூட்டம் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்ய விடக்கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தத் தடை தொடர்கிறது. அசந்துபோன கை இயந்திரத்தில் சிக்கக்கூடாது என்பதற்காக வந்த விதி இது. நியாயமான விதியும்கூட. கணினி முன் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது பொருந்தாது.

மற்ற பெரும்பாலோருக்கு ஒப்பந்தம்தான் பேசும். ஆகவே முதலில் எடுக்க வேண்டியது உங்கள் ஆஃபர் லெட்டர்.

உங்கள் தாளில் எந்த வகை வரி இருக்கிறது

தனியார் நிறுவனங்களின் நியமனக் கடிதங்களில் இந்த நிபந்தனை பெரும்பாலும் மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும்.

முதல் வடிவம் முழுத் தடை. "ஊழியர் தம் முழு நேரத்தையும் கவனத்தையும் நிறுவனத்துக்கே செலவிட வேண்டும், சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ வேறு எந்த வேலையிலும் தொழிலிலும் ஈடுபடக்கூடாது" என்ற மாதிரி எழுதியிருக்கும். இதில் "சம்பளம் இல்லாமலோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். நண்பரின் ஸ்டார்ட்அப்பில் பெயரளவில் டைரக்டராக இருப்பதுகூட இதற்குள் வந்துவிடும். அந்த விவரம் கம்பெனிகள் பதிவேட்டில் பொதுவில் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இரண்டாவது வடிவம் முன் அனுமதி. மேற்சொன்ன அதே வாசகம்தான்; முடிவில் "நிறுவனத்தின் எழுத்துமூல முன் அனுமதி இன்றி" என்று சேர்ந்திருக்கும். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் உங்கள் வாழ்க்கையில் அது கொண்டுவரும் வித்தியாசம் பெரியது. கேட்பதற்கான கதவு திறந்திருக்கிறது என்று நிறுவனமே எழுதிக்கொடுத்திருக்கிறது.

மூன்றாவது வடிவம் போட்டிக்கும் முரண்பாட்டுக்கும் மட்டுமான தடை. போட்டி நிறுவனம், வாடிக்கையாளர், சப்ளையர் ஆகியோரிடம் வேலை செய்யக்கூடாது, நிறுவனத்தின் நலனுக்கு முரணான எதுவும் கூடாது என்று மட்டும் இருக்கும். தொழில் நிறுவனங்களின் பணி நிபந்தனைகளை வகுத்த 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணையும் இதே திசையில்தான் இருந்தது. நிறுவனத்தின் நலனுக்கு எதிராக வேலை செய்யக்கூடாது, அந்த நலனைப் பாதிக்கக்கூடிய கூடுதல் வேலையை ஏற்கக்கூடாது என்றது. எந்தக் கூடுதல் வேலையுமே கூடாது என்று சொல்லவில்லை. அனுமதி கேட்கும்போதோ, நடவடிக்கையை எதிர்த்துப் பேசும்போதோ இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

ஆஃபர் லெட்டரில் எதுவுமே இல்லையென்றால் உடனே நிம்மதியடைய வேண்டாம். "நிறுவனத்தின் அவ்வப்போதைய கொள்கைகளுக்கு ஊழியர் கட்டுப்பட்டவர்" என்று ஒரு வரி எங்காவது இருக்கும். உண்மையான தடை நடத்தை விதிக் கையேட்டில் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அலுவலக போர்ட்டலில் "படித்தேன், ஏற்கிறேன்" என்று கிளிக் செய்திருப்பீர்கள், அதுவும் ஒப்புதல்தான். ஆகவே ஆஃபர் லெட்டர், நடத்தை விதி, ரகசியக் காப்பு ஒப்பந்தம், கண்டுபிடிப்பு உரிமை ஒப்பந்தம் ஆகிய நான்கையும் இறக்கி ஒரே இடத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் அலுவலகக் கணக்கு முடக்கப்பட்ட பிறகு அவை உங்கள் கைக்குக் கிடைக்காது.

ஒரே ஆள், மூன்று வாய்ப்புகள்

வழிகளைப் பொதுவாக ஒப்பிட்டால் தெளிவு வராது. ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனம்; மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறது. அங்கே ஒரு சோதனைப் பொறியாளர், ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். அவருடைய தாளில் இரண்டாவது வடிவ நிபந்தனை இருக்கிறது. அவர் முன் மூன்று வாய்ப்புகள். ஒன்று, வேறொரு ஊரில் இருக்கும் நிறுவனத்தில் வீட்டிலிருந்தே பார்க்கும் இரண்டாவது சம்பள வேலை, ஆண்டுக்கு 6 லட்சம். இரண்டு, கடைகளுக்கும் சிறு ஓட்டல்களுக்கும் வெப்சைட் செய்துகொடுக்கும் ஃப்ரீலான்ஸ் வேலை, மாதம் சுமார் 20,000. மூன்று, இன்னொரு மருத்துவமனை மென்பொருள் நிறுவனத்துக்கு வார இறுதியில் ஆலோசனை.

மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். எந்த வடிவ நிபந்தனையிலும் அது தவறு. நிபந்தனையே இல்லாவிட்டாலும் தவறு. ஊழியருக்கு முதலாளியிடம் இருக்கும் விசுவாசக் கடமையை மீறுவதாகவே அது பார்க்கப்படும். 2022 செப்டம்பரில் விப்ரோ 300 பேரை நீக்கியதாகச் சொன்னபோது அவர்கள்மீது வைத்த குற்றச்சாட்டே போட்டி நிறுவனங்களுக்கு நேரடியாக வேலை செய்தார்கள் என்பதுதான். அடுத்த மாதமே இன்ஃபோசிஸ், போட்டியோ நல முரண்பாடோ இல்லாத கிக் வேலைகளை மேலாளர், ஹெச்.ஆர். இருவரின் முன் ஒப்புதலோடு செய்யலாம் என்று ஊழியர்களுக்கு அறிவித்தது. மூன்லைட்டிங்கைக் கடுமையாகப் பேசிய அதே துறையிலேயே கோடு எங்கே விழுகிறது என்பது இந்த இரண்டிலிருந்தும் தெரிகிறது. போட்டியாளருக்கு உழைத்தால் மன்னிப்பு இல்லை. மற்றதைக் கேட்டுச் செய்யலாம்.

முதல் வழி: இரண்டாவது சம்பள வேலை

கையில் அதிகப் பணம் தருவது இதுதான். அதனால்தான் இது இழுக்கிறது. ஆனால் நம் பொறியாளருக்கு இதைப் பரிந்துரைக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இதில் மாட்டிக்கொள்வது எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் பிஎஃப் வழியாகத்தான். ஒருவருக்கு ஒரே யுஏஎன் எண். இரண்டாவது நிறுவனம் பிஎஃப் பிடிக்கத் தொடங்கினால், அதே எண்ணின் கீழ் இன்னொரு உறுப்பினர் கணக்கு திறக்கும். முதல் நிறுவனத்தில் விலகல் தேதி பதிவாகாமல் இருக்க, இரண்டாவது நிறுவனத்தில் சேர்ந்த தேதி பதிவாகியிருக்கும். பணி வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருப்பது கண்ணில் படும். அடுத்த வேலைக்குப் போகும்போது பின்னணி சரிபார்ப்பு நிறுவனம் இந்தப் பக்கத்தைக் கேட்கக்கூடும். ஆக, இன்று யாரும் கண்டுபிடிக்காவிட்டாலும் மூன்று ஆண்டு கழித்து வேறொரு இடத்தில் ஆஃபர் கைக்கு வந்த பிறகு அது வெளிவரலாம். அந்தப் பதிவை நீங்களாக அழிக்க முடியாது.

வருமான வரி வழியாக நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பேச்சு பாதிதான் சரி. உங்கள் 26ஏஎஸ் அறிக்கையையோ ஆண்டுத் தகவல் அறிக்கையையோ நிறுவனம் திறந்து பார்க்க முடியாது. ஆனால் வரியில் வேறு ஒரு குழி இருக்கிறது. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி கணக்குப் போடுவோம். 9 லட்சம் தரும் நிறுவனம் தன் சம்பளத்தை மட்டும் பார்க்கிறது. 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் டிடிஎஸ் பிடிப்பதில்லை. 6 லட்சம் தரும் நிறுவனமும் அப்படியே. ஆண்டு முடிவில் இரண்டையும் சேர்த்தால் 15 லட்சம். நிலைக் கழிவு 75,000 ஒரு முறைதான் கிடைக்கும், இரண்டு முறை அல்ல. மீதி 14.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000, மிச்சம் 2.25 லட்சத்துக்கு 15 சதவீதம், 33,750. மொத்தம் 93,750. அதன்மேல் 4 சதவீதம் செஸ் சேர்த்தால் 97,500. ஆண்டு முழுக்க ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் வந்த பணத்தில் இத்தனையையும் ஒரே தவணையாகக் கட்ட வேண்டும். முன்கூட்டி வரி கட்டாததற்கு மாதம் 1 சதவீதம் என்ற கணக்கில் வட்டியும் சேரும்.

இதைத் தவிர்க்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு முதலாளிகளிடம் வேலை செய்பவர், ஒரு நிறுவனத்திடம் இன்னொரு நிறுவனத்தின் சம்பள விவரத்தைக் கொடுத்து, மொத்தத்துக்கும் டிடிஎஸ் பிடிக்கச் சொல்லலாம். வரிச் சட்டமே இப்படி ஒரு வழியை வைத்திருப்பது, இரண்டு வேலை என்பது தன்னளவில் சட்டவிரோதம் அல்ல என்பதற்கு நல்ல சான்று. ஆனால் மறைத்து வேலை செய்பவரால் இந்த வழியைப் பயன்படுத்த முடியாது. பயன்படுத்தினால் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் நேரம். இரண்டு சம்பள வேலை என்றால் இரண்டு இடத்திலும் காலை பத்து மணிக் கூட்டம் இருக்கும். அலுவலக நேரத்துக்குள் வேறு நிறுவனத்தின் வேலையைச் செய்தீர்கள் என்று ஆகிவிட்டால், அனுமதி பெறவில்லை என்ற சின்னக் குற்றச்சாட்டு ஒரே நேரத்துக்கு இரண்டு சம்பளம் வாங்கினார் என்ற நேர்மைக் குறைவுக் குற்றச்சாட்டாக மாறும். ரிலீவிங் லெட்டரில் அது வேறு சொற்களில் வரும்.

இரண்டு நிறுவனங்களும் எழுத்தில் சம்மதித்து, வேலை நேரங்களும் மோதாமல் இருந்தால் இந்த வழியில் சட்டச் சிக்கல் இல்லை. ஒரு கல்லூரியில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் பாடம் எடுப்பது போன்ற பகுதி நேரச் சம்பளத்துக்கு அது நடக்கக்கூடும். ஒரு முழு நேர வேலையோடு இன்னொரு முழு நேர வேலைக்கும் சம்மதிக்கும் நிறுவனம் அரிது.

இரண்டாவது வழி: அனுமதி வாங்கி ஃப்ரீலான்ஸ்

நம் பொறியாளருக்குச் சரியான வழி இது. வேலையும் வேறு, வாடிக்கையாளரும் வேறு, நேரம் அவர் கையில். வருவாய் சம்பளமாக வராமல் தொழில் வருவாயாக வருவதால் பிஎஃப் பதிவில் முட்டாது. வரியும் இலகு. தகவல் தொழில்நுட்பப் பணி, உத்தேச வருமான முறைக்குத் தகுதியான தொழில்களில் ஒன்று. அதன்படி வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். செலவுக் கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லை. மாதம் 20,000 என்றால் ஆண்டுக்கு 2.4 லட்சம், வருமானமாகக் காட்டுவது 1.2 லட்சம். சம்பளத்தில் நிலைக் கழிவு போக 8.25 லட்சம். மொத்தம் 9.45 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். சம்பளம் மட்டும் இருக்கும்போது தாக்கல் செய்த ஐடிஆர்-1 படிவம் இனிப் போதாது, ஐடிஆர்-4 தேவைப்படும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவும் பொதுவாக வேண்டியதில்லை.

அனுமதி கேட்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "ஓய்வு நேரத்தில் கொஞ்சம் ஃப்ரீலான்ஸ் செய்யலாமா?" என்று மேலாளரிடம் டீக்கடையில் கேட்டு, அவர் "பிரச்சினை இல்லைப்பா" என்று சொன்னதை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேலாளர் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். அந்த அனுமதியும் அவரோடு போய்விடும். ஒப்பந்தம் எழுத்தில் கேட்கிறது என்றால் ஹெச்.ஆர். முகவரிக்கு மின்னஞ்சல், மேலாளருக்கு நகல். பொதுவாகக் கேட்டால் பொதுவாக மறுப்பார்கள். குறிப்பாகக் கேட்க வேண்டும். இந்த அளவில் இருந்தால் போதும்:

"என் நியமனக் கடிதத்தின் இத்தனையாவது பத்தியின்படி முன் அனுமதி கோருகிறேன். சில்லறைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வெப்சைட் செய்துகொடுக்கும் பணியைச் சனி, ஞாயிறு மட்டும், வாரத்துக்கு 8 மணி நேரத்துக்கு மிகாமல் செய்ய விரும்புகிறேன். மருத்துவத் துறை சார்ந்த எவரிடமும், நம் நிறுவனத்தின் வாடிக்கையாளர், சப்ளையர், போட்டியாளர் எவரிடமும் பணி ஏற்க மாட்டேன். நிறுவனத்தின் கணினி, மென்பொருள் உரிமம், தகவல் எதையும் பயன்படுத்த மாட்டேன். இந்தப் பணியில் உருவாகும் படைப்புகள் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு உரிமை ஒப்பந்தத்துக்குள் வராது என்பதை உறுதிப்படுத்த வேண்டுகிறேன். ஓராண்டுக்கு அனுமதி தந்தால் போதும். அதன் பிறகு மீண்டும் விண்ணப்பிப்பேன்."

இதில் பலரும் விட்டுவிடும் வரி படைப்புரிமை பற்றியது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17இன்படி, பணியின் ஒரு பகுதியாகச் செய்த படைப்பு முதலாளிக்குச் சொந்தம். வார இறுதியில் சொந்தக் கணினியில் ஓட்டலுக்குச் செய்த வெப்சைட் பணியின் பகுதி அல்ல, ஆகவே அது உங்களுடையது. ஆனால் பல நிறுவனங்களின் கண்டுபிடிப்பு உரிமை ஒப்பந்தம் இதைத் தாண்டிப் போகிறது: "பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு" என்று எழுதியிருக்கும். மறுபக்கம் ஓட்டல்காரர் "வெப்சைட்டின் முழு உரிமையும் எனக்கு" என்று எழுதி வாங்குவார். ஒரே பொருளை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்த நிலை. சின்ன வெப்சைட்டுக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அதே பழக்கத்தில் நாளை ஒரு செயலி செய்து அது ஓடத் தொடங்கினால், முதலீட்டாளர் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் அனுமதிக் கடிதத்திலேயே விலக்கு வாங்கிவிட வேண்டும்.

அனுமதி வந்த பிறகு கடைப்பிடிக்க வேண்டியதில் முதன்மையானது கருவிகளைப் பிரிப்பது. அலுவலக மடிக்கணினியில் வாடிக்கையாளரின் கோப்பை ஒரே ஒரு முறை திறந்தாலும் அது பதிவாகலாம். பல நிறுவனங்களின் கணினிகளில் கண்காணிப்பு மென்பொருள் இருக்கிறது. சொந்த மின்னஞ்சலுக்கு அலுவலகக் கோப்பை அனுப்புவது அதைவிட மோசம். வேறு வேலை செய்தார் என்ற புகாரைவிடத் தகவலை வெளியே அனுப்பினார் என்ற புகார் பல மடங்கு கனமானது.

பதிலே வரவில்லையென்றால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "இத்தனை நாளில் பதில் இல்லையேல் ஏற்றதாகக் கொள்வேன்" என்று நீங்களாக எழுதுவதற்கும் மதிப்பு இல்லை. எழுத்துமூல அனுமதி என்று ஒப்பந்தம் சொன்னால் எழுத்து வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே மின்னஞ்சல் தொடரில் நினைவூட்டுங்கள். புராஜெக்ட் மாறினாலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். நேற்றுவரை சம்பந்தமே இல்லாமல் இருந்த உணவகத் துறையில், நாளை உங்கள் நிறுவனத்துக்கே வாடிக்கையாளர் வரலாம்.

மூன்றாவது வழி: சொல்லாமல் ஃப்ரீலான்ஸ்

நடைமுறையில் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இதன் ஆபத்து உங்கள் தாளில் இருக்கும் வடிவத்தைப் பொறுத்தது. மூன்றாவது வடிவ நிபந்தனை என்றால், போட்டியோ முரண்பாடோ இல்லாத வேலைக்கு அனுமதியே தேவையில்லை, செய்யலாம். இரண்டாவது வடிவம் என்றால், கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றைக் கேட்காமல் செய்து மீறலாக்குகிறீர்கள். அது வீண் ஆபத்து. முதல் வடிவம் என்றாலும் ஒருமுறை எழுதிக் கேட்பதே நல்லது. முழுத் தடை போட்ட நிறுவனமும் விதிவிலக்குத் தரலாம். தடையை எழுதியதும் அவர்கள்தானே.

கேட்டால் மேலாளரின் கண் நம்மேல் விழும், சம்பள உயர்வில் கை வைப்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. சில இடங்களில் அது நடக்கவும் செய்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் கேட்காமலே செய்வது பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் ஆபத்து கூடுதல். ஒருவரை அனுப்பக் காரணம் தேடும் நிறுவனத்துக்கு, அந்தக் காரணத்தை நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

நான்காவது வழி: ஒப்பந்தத்தையே மாற்றுவது

பக்க வேலை வளர்ந்துவிட்டது, அனுமதி மறுத்துவிட்டார்கள் என்றால், நிறுவனத்திடமே பகுதி நேர ஊழியராகவோ ஆலோசகராகவோ மாறக் கேட்கலாம். ஆலோசகர் ஆனால் பிரத்தியேகப் பணி என்ற நிபந்தனையைப் பேசி நீக்க இடம் கிடைக்கும். ஆனால் பிஎஃப், கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு எல்லாம் போகும். மாதக் கட்டணம் பழைய மொத்தச் சம்பளத்தைவிடக் கணிசமாகக் கூடினால் ஒழிய நட்டம்தான். ஐந்து ஆண்டை நெருங்கிக்கொண்டிருப்பவர் கிராஜுவிட்டி தேதியைப் பார்த்துவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்கலாம். பக்க வருவாய் மாதம் 20,000 இருக்கும் நிலையில் நம் பொறியாளருக்கு இந்த வழி வேண்டாம். அது சம்பளத்தின் பாதியைத் தாண்டி, சில மாதங்கள் தொடர்ந்தும் வந்தால் யோசிக்கலாம்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

முதலில் வருவது பெரும்பாலும் ஹெச்.ஆர். அழைப்பு. "நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும்" என்பார்கள். அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். யோசிக்க நேரம் கேளுங்கள்; குற்றச்சாட்டை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இரண்டாவது சம்பள வேலை உண்மையாக இருந்து, பிஎஃப் பதிவும் அவர்கள் கையில் இருந்தால், ராஜினாமாவே குறைந்த சேதமாக இருக்கலாம். ஆனால் அதை ஒரு நாள் யோசித்து, முடிந்தால் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் தாளைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். குற்றச்சாட்டு தவறு என்றாலோ, பக்க வேலை போட்டியில்லாத ஃப்ரீலான்ஸ்தான் என்றாலோ எதிர்த்து நிற்க இடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41, இங்கே உதவும். தொடர்ந்து ஆறு மாதம் பணி செய்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நீக்கக்கூடாது. தவறான நடத்தை என்று சொல்லி முன்னறிவிப்பு இல்லாமல் நீக்க வேண்டுமானால், விசாரணை நடத்தி ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையின் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பதவிப் பெயரில் "மேனேஜர்" என்று இருப்பதாலேயே ஒருவர் அதற்குள் வந்துவிட மாட்டார். உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைப் பார்ப்பார்கள்.

நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்: எந்த நேரத்தில் செய்தீர்கள், யாருக்குச் செய்தீர்கள், எந்தக் கருவியில் செய்தீர்கள். வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில்களின் தேதி, சொந்தக் கணினியின் பில், அலுவலக வருகைப் பதிவு ஆகியவற்றை இணையுங்கள். செய்யவே இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். பிற்பாடு ஒரு வங்கிப் பரிமாற்றம் வெளிவந்தால், அதுவரை சிறிய ஒப்பந்த மீறலாக இருந்தது பொய்யாக முடிந்துவிடும்.

பணத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள். மீறினால் இத்தனை லட்சம் இழப்பீடு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், முழுத் தொகையும் தானாக வந்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். அதேபோல, ஏற்கெனவே உழைத்த நாட்களுக்கான சம்பளத்தை மூன்லைட்டிங்கைக் காரணம் காட்டி நிறுத்திவைக்க முடியாது. ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, நீக்கமானாலும் ராஜினாமாவானாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். அதில் பிடித்தம் செய்வதானால் சட்டம் பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டுமே செய்யலாம்.